மாங்காய்ச் சால்வையின் பின்பக்கம்: கைநெசவா, இயந்திர நெசவா?

எட்டாம் வகுப்பில் இழைகள், துணிகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது, கம்பளிக்கு எடுத்துக்காட்டாக நான் காஷ்மீரத்துக் கனி சால்வையைச் சொல்வது வழக்கம். நம் பட்டுச் சேலைகளில் வரும் அதே மாங்காய்தான் அதிலும் வருகிறது என்பதால் மாணவர்களுக்கு அது அந்நியமாக இருப்பதில்லை. ஊட்டி, கொடைக்கானல், மாமல்லபுரம் சென்று வருபவர்கள் "காஷ்மீர் சால்வை" என்று வாங்கி வருவதும் உண்டு. அவற்றில் எது கையால் நெய்தது, எது இயந்திரத்தில் நெய்தது என்பதைத் துணிக்குச் சேதமில்லாமல் மாணவர்களே கண்டறியும் ஒரு செயல்பாட்டை வாழப்பாடியில் எங்கள் வகுப்பில் செய்து வருகிறேன். அதை இங்கே விளக்குகிறேன்.

ஊடை எங்கே திரும்புகிறது?

எல்லாத் துணியிலும் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. மாங்காய்ச் சால்வையில் நிறங்களைக் கொடுப்பது பெரும்பாலும் ஊடைதான். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நிற ஊடை தன் வேலை முடிந்ததும் எங்கே போகிறது?

கனி சால்வை காஷ்மீரின் பட்காம் மாவட்டத்தில் உள்ள கனிஹாமா என்ற ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதை நெய்ய நாடா இல்லை. நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள்தான் உண்டு. அவற்றின் பெயர்தான் கனி. எத்தனை பாவு நூலுக்கு எந்த நிறம் என்று எழுதி வைத்த தாலிம் என்னும் குறிப்பைப் பார்த்து, நெசவாளர் குச்சிகளை ஒவ்வொன்றாக நுழைப்பார். பச்சைக் குச்சி மாங்காயின் பச்சைப் பகுதிக்குள் மட்டும் போகும். அதன் எல்லையை அடைந்ததும், பக்கத்துச் சிவப்பு நூலோடு கொக்கி போல் பிணைந்து, வந்த வழியே திரும்பும். ஒரு வரிசையை முடிக்கவே பல குச்சிகள் தேவை. அதனால்தான் உடல் முழுக்க வேலைப்பாடு உள்ள ஒரு சால்வைக்குப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகிறது.

இயந்திரத்தில் ஊடை அப்படித் திரும்புவதில்லை. 1804இல் பிரான்சின் ஜக்கார்டு உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் முறையில், எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதை அட்டை முடிவு செய்யும். பச்சை ஊடை துணியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழுவதும் ஓடும். மாங்காய் உள்ள இடத்தில் மட்டும் முன்பக்கம் தெரியும், மற்ற இடங்களில் பின்பக்கம் தொங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் காஷ்மீரச் சால்வையைப் பார்த்து இப்படித்தான் நெய்து விற்றது. நாம் மாங்காய் என்று சொல்லும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

வகுப்பில் செய்து பார்த்தல்

கனி சால்வையை வகுப்புக்குக் கொண்டுவருவது நம்மால் ஆகாது. ஆனால் அதன் நெசவை ஓர் அட்டையில் செய்து காட்டலாம். ஒரு குழுவுக்கு 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள இரண்டு கெட்டி அட்டைகள், சிவப்பு, பச்சைக் கம்பளி நூல், முனை மழுங்கிய பெரிய ஊசி ஆகியவை போதும். அட்டையின் மேலும் கீழும் அரை செ.மீ. இடைவெளியில் 24 வெட்டுகள் இட்டு, அவற்றில் வெள்ளை நூலைப் பாவாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் அட்டையில் சிவப்பு ஊடை இடப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது பாவு வரை வருகிறது. பச்சை வலப்பக்கத்திலிருந்து அங்கேயே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. இப்படிப் பத்து வரிசை நெய்ய வேண்டும். இரண்டாம் அட்டையில் சிவப்பு முழு அகலத்துக்கும் நெய்யப்படுகிறது. ஒவ்வொரு சிவப்பு வரிசைக்குப் பிறகும் பச்சை ஒரு முறை குறுக்கே போகிறது. ஆனால் நடுவில் உள்ள எட்டு நூல்களில் மட்டுமே நெய்யப்பட்டு, மற்ற இடங்களில் பாவுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது.

இப்போது இரண்டையும் அட்டையிலிருந்து கழற்றித் திருப்பச் சொல்லுங்கள். முதல் துணியின் பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே இருக்கும். இரு நிறங்களும் சேரும் கோட்டில் மட்டும் சிறு வரப்பு போல ஒரு மேடு விரலில் தட்டும். இரண்டாம் துணியின் பின்பக்கம் பச்சை நூல்கள் வரிவரியாகத் தொங்கும். அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னால், மாங்காய்ச் சால்வைத் தொழிற்சாலை செய்வதையே மாணவர்கள் செய்கிறார்கள். எடை குறையவும் விரலில் மாட்டாமலிருக்கவும் அங்கே தொங்கும் ஊடைகளை வெட்டிவிடுகிறார்கள். பிறகு வடிவத்தின் இரு பக்கமும் நறுக்கிய நூல் முனைகள் மீசை போல நிற்கும். அதில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். முதல் துணியில் இழுப்பதற்கு முனையே இல்லை.

நம் பக்கத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் நிற ஊடையும் கரை நிற ஊடையும் இதே போல் கோத்துத் திரும்புகின்றன. வீட்டில் அப்படி ஒரு சேலை இருந்தால், கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கம் தடவிப் பார்க்கச் சொல்லலாம். விழாக்களில் நமக்குப் போர்த்தும் பொன்னாடைகளில் பல, ஓரத்தில் பின்பக்கம் தொங்கும் நூலோடு வருகின்றன. அவை இரண்டாம் வகைக்கு மாதிரியாக எளிதில் கிடைக்கும்.

ஓரம் சொல்லும் சாட்சி

பின்பக்கத்துக்கு அடுத்து, நீளவாக்கில் உள்ள இரு பக்க ஓரங்களைப் பார்க்க வேண்டும். கையால் நெய்த துணியில் ஊடை கடைசிப் பாவு நூலைச் சுற்றி வளைந்து திரும்பும். உருப்பெருக்கியில் சிறு வளையங்களாகத் தெரியும். நெசவாளர் கையின் இழுவை மாறுவதால் ஓரம் லேசாக அலையும். நாடா இல்லாத நவீன விசைத்தறிகளில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் துண்டிக்கப்படுவதால், வெட்டிய முனைகள் குஞ்சம் போல நிற்கும். அவை பிரியாமலிருக்க, ஓரத்தில் இரு நூல்களை முறுக்கிப் பிணைத்திருப்பார்கள், அல்லது மடித்துத் தையல் போட்டிருப்பார்கள்.

முந்தியில் உள்ள குஞ்சத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம். பாவு நூலையே முறுக்கிக் குஞ்சமாக விடுவது இரண்டு வகையிலும் உண்டு. குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் ஐயப்படலாம். அதுபோலவே தையல் இருப்பதாலேயே இயந்திரம் என்று முடிவு கட்டவும் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரச் சால்வைகள் பல, தனித்தனித் தறிகளில் நெய்த துண்டுகளை இழை தெரியாமல் இணைத்துத் தைத்தவை.

ஒரு சால்வையைச் சோதித்தோம்

எங்கள் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், சுற்றுலாவில் ரூ.2,500க்கு "கையால் நெய்த கனி பஷ்மினா" என்று சொல்லி விற்ற சால்வையை வகுப்புக்குக் கொடுத்தார். சிவப்புத் தரையில் நீலம், பச்சை, வெண்ணிற மாங்காய்கள். மாணவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார்கள்.

பின்பக்கத்தில் ஒவ்வொரு மாங்காயின் இடமும் வலமும் நறுக்கிய நீல, பச்சை முனைகள் இருந்தன. ஒரே உயரத்தில் உள்ள எல்லா மாங்காய்களிலும் நீலம் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிந்தது. அதாவது ஒரே ஊடை எல்லாவற்றையும் கடந்து சென்றிருக்கிறது. நிறங்கள் சேரும் இடத்தில் வரப்பு இல்லை. மாங்காய் உள்ள இடம் தரையைவிடத் தடிமனாக இருந்தது. பக்க ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. தையல் விட்டிருந்த ஒரு மூலையில் வெட்டிய ஊடை முனைகள் தெரிந்தன. கடைசியாக, அவர் அனுமதியோடு குஞ்சத்திலிருந்து உதிர்ந்த ஒரு நூலை இடுக்கியில் பிடித்து நானே எரித்துக் காட்டினேன். கம்பளியானால் முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிக் கெட்டியான கருமணியானது. செயற்கை இழை.

பிறகு கணக்குப் பாடமாக ஒரு கேள்வி வைத்தேன். ஒரு நெசவாளருக்கு நாள் கூலி ரூ.500 என்றும், 200 நாள் வேலை என்றும் வைத்தால் கூலி மட்டும் எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய். "விலைக்குச் சரியாத்தான் இருக்கு டீச்சர், பேருதான் தப்பு" என்றார் சால்வையைக் கொடுத்தவர். வகுப்பு எட்ட வேண்டிய முடிவும் அதுதான். இயந்திரத் துணி இழிவானது அல்ல. நம் மாணவர்கள் பலரின் வீட்டில் சோறு விசைத்தறியால் வருகிறது. ஆனால் அதைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போது, பல மாதம் உழைத்தவரின் பொருளுக்கு விலை கிடைக்காமல் போகிறது. ஆகவே ஒரு மாணவர் கொண்டுவரும் துணியின் தீர்ப்பை மற்றவர்கள் முன் அறிவிக்காமல், அவரிடமே கண்டறியச் சொல்லி எழுதி வாங்குவது நல்லது.

எல்லைகளையும் சொல்லித்தர வேண்டும்

"எங்கப்பா கைத்தறியிலயும் அட்டைப்பெட்டி இருக்கே டீச்சர், அப்ப அதுவும் மெஷினா?" என்று ஒரு மாணவி கேட்டாள். சேலம் பக்கத்துப் பட்டுத் தறிகளைத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். கைத்தறியிலும் ஜக்கார்டு பெட்டி உண்டு, அதிலும் பின்பக்கம் நூல் தொங்கும். எனவே நறுக்கிய முனைகள் "இது கனி நெசவு அல்ல" என்று மட்டுமே உறுதியாகச் சொல்லும், "இது விசைத்தறி" என்று சொல்லாது. அதற்கு ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் ஊடை வளைந்தே திரும்பும்.

பூத்தையல் சால்வையின் பின்பக்கம் தையல் நூலும் முடிச்சும் தெரியும், அது வேறு வகை. அச்சிட்ட சால்வையின் பின்பக்கம் நிறம் வெளிறியிருக்கும். பின்பக்கம் நெசவைச் சொல்லுமே தவிர இழையைச் சொல்லாது. எரித்தால் கம்பளியா செயற்கையா என்று தெரியும். ஆனால் பஷ்மினாவா சாதாரண ஆட்டுக் கம்பளியா என்பதை ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துத்தான் சொல்ல முடியும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு சால்வையின் பின்பக்கம் முன்பக்கம் போலவே இருக்கிறது, நிறங்கள் சேரும் கோட்டில் மேடு தட்டுகிறது. ஊடை எப்படிச் சென்றிருக்கும்? வரைந்து காட்டுக.
2. நறுக்கிய முனைகளும் வளைந்து திரும்பும் ஓரமும் உள்ள துணியைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது?
3. உன் வீட்டில் உள்ள ஒரு கரைச் சேலை அல்லது பொன்னாடையின் பின்பக்கத்தைப் பார்த்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக. முடிவைக் கடைசி வரியில் மட்டும் எழுதுக.