தம் கட்டுதலின் அறிவியல்
சுமை தூக்கும்போது முதுகெலும்பைக் காப்பது எது?

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் பாஸ்கல் விதியையும், பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ பாடத்தில் திருப்புத்திறனையும் கற்பிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே இடத்தில் செயல்படுவதைக் காட்ட நம் உடலே போதும். பள்ளிப்பட்டுப் பகுதியில் கரும்புக் கட்டைத் தலைக்கு ஏற்றுபவரும், பொதட்டூர்பேட்டையில் நூல் மூட்டையை இறக்குபவரும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிக்குச் சுமை ஏற்றுபவரும் நம் மாணவர்களின் வீட்டுப் பெரியவர்களே. “தம் கட்டித் தூக்கு” என்று அவர்கள் சொல்வதை மாணவர்கள் அன்றாடம் கேட்கிறார்கள். தம் கட்டும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது, அதனால் எதுவரை பயன், எங்கே ஆபத்து என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தனித்து நிற்காத தூண்

முதுகெலும்பைத் தூண் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது கட்டடத்தின் தூணைப் போல் தானே நிற்பதில்லை. தசைகளை நீக்கி, எலும்புகளும் அவற்றைப் பிணைக்கும் தசைநார்களும் மட்டும் உள்ள முதுகெலும்புத் தொடரை அடியில் நிலையாகப் பொருத்தி, மேலிருந்து அழுத்தி 1961இல் லூகாஸ், பிரெஸ்லர் என்ற ஆய்வாளர்கள் சோதித்தனர். சுமார் 20 நியூட்டன் விசையிலேயே, அதாவது ஏறத்தாழ 2 கிலோ எடையிலேயே, அது பக்கவாட்டில் வளைந்து சாய்ந்தது. நம் தலையின் எடையே அதைவிட அதிகம்.

திருவிழாவுக்கு நடும் உயரமான மூங்கில் கம்பத்தை நினைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினால்தான் அது நிற்கும். ஒரு பக்கக் கயிறு தளர்ந்தாலும் கம்பம் ஆடும். முதுகெலும்புக்கு அந்தக் கயிறுகள் முதுகிலும் வயிற்றிலும் விலாவிலும் உள்ள தசைகள். வயிற்றை இறுக்குவது என்பது இந்தக் கயிறுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துக் கட்டுவதுதான்.

சுமை முதுகில் எவ்வளவு விழுகிறது?

25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கணக்கிடுவோம். அதன் எடை சுமார் 250 நியூட்டன். குனிந்து, கையை நீட்டித் தூக்கும்போது சிப்பத்தின் நடுப்பகுதி இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 60 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம்.

திருப்புத்திறன் = 250 × 0.6 = 150 நியூட்டன் மீட்டர்.

இதைச் சமன் செய்ய வேண்டியவை முதுகுத் தசைகள். ஆனால் அவை முள்ளெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவிலேயே உள்ளன. எனவே அவை கொடுக்க வேண்டிய விசை:

150 ÷ 0.05 = 3000 நியூட்டன்.

அதாவது, 25 கிலோ சிப்பத்துக்காக முதுகுத் தசைகள் 300 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பு முழுவதும் இடுப்பு முள்ளெலும்புகளையும் அவற்றின் இடைத்தட்டுகளையும் அழுத்துகிறது. குனிந்த மேலுடலின் எடை இதற்குமேல் சேரும். அதே சிப்பத்தை உடலோடு அணைத்து 30 செ.மீ. தொலைவில் தூக்கினால், சிப்பத்துக்கான விசை 1500 நியூட்டனாகப் பாதியாகிவிடும். இந்தக் கணக்கை மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும்.

மூடிய பாட்டிலும் வயிற்றறையும்

ஒரு லிட்டர் காலி பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மூடியின்றியும், மற்றொன்றை இறுக மூடியும் மேசையில் நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். திறந்த பாட்டில் நடுவில் மடிந்துவிடும். மூடிய பாட்டில் நன்றாகத் தாங்கும். இரண்டின் சுவரும் ஒன்றே. உள்ளே அடைபட்ட காற்று எல்லாத் திசையிலும் சுவரைத் தள்ளுவதால் சுவர் மடிய இடமில்லை.

வயிற்றறையும் இத்தகைய மூடிய கலம். மேல்மூடி உதரவிதானம், அடித்தளம் இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள், பின்சுவர் முதுகெலும்பும் அதை ஒட்டிய தசைகளும். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. அந்த நிலையில் மூச்சை நிறுத்தி, சுற்றிலும் உள்ள தசைகளை இறுக்கினால், உள்ளிருக்கும் உறுப்புகளும் நீர்மங்களும் சுருங்க இடமின்றி அழுத்தம் உயர்கிறது. ஓய்வில் 5 முதல் 7 மி.மீ. பாதரசம் அளவில் உள்ள வயிற்றறை அழுத்தம், கடும் சுமையைத் தூக்கும்போது 100ஐத் தாண்டுவது அளந்தறியப்பட்ட உண்மை.

சுமை குறைகிறதா, உறுதி கூடுகிறதா?

இந்த இடத்தில்தான் பலருக்கும் தவறான புரிதல் உள்ளது. உள்ளழுத்தம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் முதுகெலும்பின் சுமை குறைகிறது என்ற கருத்து 1957இல் பார்ட்லிங்க் எழுதிய ஆய்வுக்குப் பின் பரவலாக ஏற்கப்பட்டது. கணக்கும் முதலில் அதற்குச் சாதகமாகவே தெரியும். 100 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 13,300 பாஸ்கல். உதரவிதானத்தின் பரப்பை 250 சதுர செ.மீ. எனக் கொண்டால், மேல்நோக்கிய விசை சுமார் 330 நியூட்டன்.

ஆனால் அந்த அழுத்தத்தை உண்டாக்க வயிற்றுத் தசைகள் சுருங்க வேண்டும். அவை சுருங்கும்போது விலா எலும்புகளை இடுப்பை நோக்கிக் கீழே இழுக்கின்றன. இந்த இழுப்பு முதுகெலும்பை மேலும் அழுத்துகிறது. கிடைத்த நிவாரணத்தின் பெரும்பகுதியோ முழுவதுமோ இதில் போய்விடுகிறது என்று கனடாவின் மெக்கில், நார்மன் ஆகியோர் 1987இல் காட்டினர். எனவே தம் கட்டுவதன் முதன்மைப் பயன் சுமையைக் குறைப்பது அன்று. சுமையின்கீழ் முதுகெலும்பு திடீரென வளையாமலும், ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மீது நழுவாமலும் விறைப்பைத் தருவது.

இதிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று கிடைக்கிறது. எவ்வளவு நன்றாகத் தம் கட்டினாலும், கையை நீட்டித் தூக்கினால் அந்த 3000 நியூட்டன் அப்படியே இருக்கும். சுமையை உடலோடு அணைப்பதும் தம் கட்டுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, இரண்டும் வேண்டும்.

படிப்படியாக

தூக்கும் முறையை உடற்கல்வி ஆசிரியருடன் இணைந்து, சுமை இல்லாமலே செய்து காட்டலாம்.

1. சுமைக்கு மிக அருகில், கால்களைத் தோள் அகலத்தில் வைத்து நிற்க வேண்டும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இறங்க வேண்டும். முதுகு வளையக் கூடாது.

2. தூக்கும் முன்பே மூச்சை இழுக்க வேண்டும். தோள்கள் உயராமல், வயிறும் விலாவின் கீழ்ப்பகுதியும் சுற்றளவில் விரிய வேண்டும்.

3. யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் வயிற்றைச் சுற்றிலும் இறுக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுப்பது வேறு, இறுக்குவது வேறு. உள்ளிழுத்தால் கயிறுகள் கம்பத்தை நெருங்கிவிடும். தாங்கும் அகலம் குறையும்.

4. இறுக்கிய பிறகே சுமையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். கடினமான கட்டம் தாண்டியதும் மூச்சை மெல்ல விட வேண்டும். மூச்சை நிறுத்துவது இரண்டு, மூன்று வினாடிகளுக்கு மட்டுமே.

5. சுமையோடு நடக்கும்போது மூச்சை அடக்க முடியாது. வயிற்றின் இறுக்கத்தை விடாமல், சிறு சிறு மூச்சாக விட்டு வாங்க வேண்டும்.

சரியாக இறுக்குகிறோமா என்றறிய எளிய வழி உண்டு. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் இரு கை விரல்களையும் அழுத்தி வைத்து இருமிப் பாருங்கள். விரல்கள் வெளியே தள்ளப்படும். அதே உறுதியை இருமாமல் கொண்டுவருவதே இறுக்கம். தோள் உயர்ந்தால் மூச்சு மார்பிலேயே நின்றுவிட்டது என்று பொருள். சுமை கிளம்பும் நொடியில் “ஹா” என்று மூச்சு வெளியேறினால், உள்ளழுத்தம் தேவைப்படும் நேரத்தில் குறைந்துவிட்டது என்று பொருள்.

இதைச் சிறப்பாகக் காணக்கூடிய இடம் பளுதூக்கும் மேடை. நமக்கு அருகிலுள்ள வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது, தரையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தலைக்கு மேலும் உயர்த்தும் இரண்டு கட்டத் தூக்கலில் 179 கிலோவைத் தூக்கினார். இவ்வகைத் தூக்கலில் வீரர்கள் கம்பியைத் தரையிலிருந்து எடுக்கும் முன் ஒருமுறை தம் கட்டுகிறார்கள். தோளில் வாங்கி எழுந்து நின்றதும் புது மூச்சு எடுத்து மறுபடி இறுக்குகிறார்கள். காணொலியைக் காட்டி, இந்த இரு இடங்களையும் மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இலேசான பொருளிலும் பிடிப்பு

நாள் முழுதும் மூட்டை தூக்கியவருக்கு, மாலையில் காலிச் சாக்கை எடுக்கக் குனியும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதுண்டு. இலேசான பொருள்தானே என்று தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் முதுகெலும்பு நிலைகுலைய வாய்ப்பு உண்டு என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. எனவே இறுக்கம் சுமைக்கேற்ற அளவில் வேண்டும்: மூட்டைக்கு முழுமையாக, சாக்குக்குச் சிறிதளவு. சிறிதளவுகூட இல்லாமல் குனியக் கூடாது.

யாருக்கு ஆபத்து?

மூச்சை அடக்கி அழுத்துவதற்கு, இத்தாலிய உடற்கூறியலாளர் வால்சால்வாவின் பெயர் வழங்குகிறது. இதன்போது இரத்த அழுத்தம் மிக வேகமாக உயரும். 1985இல் கனடாவில் பயிற்சி பெற்ற ஐந்து உடற்கட்டு வீரர்களிடம் நேரடியாகத் தமனியில் அளந்தபோது, இரு கால்களாலும் கடும் பளுவைத் தள்ளும் கட்டத்தில் சராசரி 320/250ஐ எட்டியது. மறுபுறம், மார்பறை அழுத்தம் உயர்வதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். நீண்ட நேரம் அடக்கினால் கண் இருண்டு மயக்கம் வரலாம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அறுவை சிகிச்சை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிக் கனமான சுமை தூக்கக் கூடாது.

இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவதும், பெல்ட் அணிவதும் வயிறு எதிர்த்துத் தள்ள ஒரு சுவரைத் தருகின்றன. ஆனால் நலமாக உள்ள தொழிலாளருக்குப் பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1994இல் அறிவித்தது. அதே நிறுவனத்தின் கணக்கீட்டில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றி இறக்கும் பல மூட்டைகள் 50 கிலோ. முறை தெரிந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதும் தள்ளுவண்டியும்தான் முதுகைக் கூடுதலாகக் காக்கும்.

இப்பாடத்தில் மாணவர்கள் எடையுள்ள எதையும் தூக்க வேண்டியதில்லை. பாட்டிலும் கரும்பலகையும் விரல் சோதனையும் போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 20 கிலோ பெட்டியை இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 50 செ.மீ. தொலைவிலும் 25 செ.மீ. தொலைவிலும் தூக்கும்போது முதுகுத் தசைகளின் விசையைக் கணக்கிடுக.

2. மூடிய பாட்டில் சோதனையில் மூடி, சுவர், காற்று ஆகியவை உடலில் எவற்றைக் குறிக்கின்றன? பாட்டிலுக்கும் வயிற்றறைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைக் கூறுக.

3. “தம் கட்டினால் சுமை குறையும்” என்ற கூற்று சரியா? காரணம் தருக.

4. உங்கள் வீட்டில் சுமை தூக்கும் ஒருவரைக் கவனித்து, அவர் எந்த நொடியில் மூச்சை இழுக்கிறார், எப்போது விடுகிறார் என்று குறித்து வருக.