பாரசீகப் பாட்டியின் கடிதமும் தமிழில் அவள் செல்லப்பெயர்களும்

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஈரானியர் பலர் அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் குடியேறினர். ஊரில் தங்கிவிட்ட பாட்டிமார்க்கும் அயல்நாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகட்கும் இடையே கடிதமே உறவாயிற்று. அத்தகைய கடிதமொன்றைத் தமிழாக்குங்கால் செல்லப்பெயர்களை என்செய்வது என்பதே இக்கட்டுரையின் வினா. பாரசீக வழக்கிலுள்ள தொடர்களைக் கொண்டு பாடத்திற்கென நாம் அமைத்த மாதிரிக் கடிதம், பேரனுக்கு எழுதியதாக, தமிழில் வருமாறு:

"அஸீஸம், நூரெ செஷ்மம்,

உன் குரல் கேட்டு ஒரு மாதமாகிறது, மாதர்ஜான். உன்னைக் காணாமல் நெஞ்சு இறுகிக் கிடக்கிறது. நவ்ரூஸுக்கு விரிப்பு விரித்தோம். தட்டில் கோதுமை முளைத்துப் பச்சை கட்டியிருந்தது. எல்லாரும் சுற்றி அமர்ந்தோம். நீ இல்லாத குறை ஒன்றுதான். அங்கே பனி அதிகமாமே, கழுத்தைப் போர்த்திக்கொள். தலை நரைத்து நெடுங்காலம் வாழ்வாய், மாதர்ஜான். உன் நோவெல்லாம் என் உயிருக்கு வரட்டும்.

உனக்கென உயிர் வைத்திருக்கும்,
மாமான் போஸோர்க்"

'அஸீஸம்' என்பது 'என் அருமையே' எனப் பொருள்படும். 'நூரெ செஷ்மம்' என்பது 'என் கண்ணின் ஒளியே' என்பதாம். நம் 'கண்மணி'க்கு அண்டை வீட்டுச் சொல். 'மாமான் போஸோர்க்' பாட்டியைக் குறிக்கும். இவற்றில் இடரில்லை. இடர் 'மாதர்ஜான்' என்னும் விளியில் உள்ளது.

'மாதர்' எனில் பாரசீகத்தில் தாய். 'ஜான்' எனில் உயிர். பாட்டி பேரனை ஏன் தாயே என்கிறாள்? பாரசீக வழக்கில் மூத்தோர், தமக்குரிய உறவுப்பெயரையே பிள்ளையின் மேல் ஏற்றி அழைப்பர். தாய் தன் மகனை 'மாதர்' என்பாள். தந்தை தன் மகளை 'பாபா' என்பார். நம்மிடமும் இதன் உறவுமுறை உண்டு. பெண் குழந்தையை 'அம்மா' என்றும், ஆண் குழந்தையை 'ஐயா', 'அப்பா' என்றும், முஸ்லிம் இல்லங்களில் 'வாப்பா', 'அத்தா' என்றும் அழைக்கிறோம். ஆயினும் வேறுபாடொன்று காண்க. தமிழில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது விளியைத் தீர்மானிக்கிறது. பாரசீகத்தில் அழைப்பவர் யார் என்பது தீர்மானிக்கிறது.

ஆகவே 'மாதர்ஜான்' என்பதை 'அம்மா' எனப் பெயர்த்தால், கடிதம் பேரனுக்கன்றி எழுதியவளின் தாய்க்குப் போய்ச் சேரும். 'ஐயா' எனப் பெயர்த்தால் பேரன் கிடைப்பான், பாட்டி மறைந்துபோவாள். தாத்தா எழுதினாலும் 'ஐயா' என்றே இருக்குமன்றோ? அழைப்பவளின் தாய்மை அவ்விளியிலேயே தங்கியிருப்பதால், அதனை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தினோம். சேர்த்தெழுதியதற்கும் காரணம் உண்டு. 'மாதர்' எனத் தனித்து எழுதின் தமிழில் மகளிரைக் குறிக்கும். 'ஜான்' எனத் தனித்து எழுதின் ஒரு கிறித்தவப் பெயராகும்.

மொழிபெயர்ப்பாளர் வழுவியதை எவ்வாறு அறிவது? வாழ்த்து எத்திசையில் செல்கிறது எனப் பார்க்க வேண்டும். மூலத்தில் 'எலாஹீ பீர் ஷீ' என வரும் வாழ்த்து, 'இறையருளால் நீ முதுமை எய்துக' எனப் பொருள்படும். அது மூத்தோர் இளையோர்க்குச் சொல்வது. தாய்க்கு எழுதியதாகத் தோன்றும் கடிதத்தில் இவ்வாழ்த்து வரின் விளியைப் பிழையாகப் பெயர்த்தோம் எனத் தெளியலாம்.

இனி, விளியை நிறுத்துவது போல வாக்கியங்களையும் நிறுத்தலாமோ எனின், ஆகாது. 'பீர் ஷீ' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'கிழவனாகு' என்றால் வாழ்த்து வசையாகும். 'நீ இல்லாத குறை' என்றவிடத்து மூலம் 'ஜாயத் காலீ' என்பது. 'உன் இடம் காலி' என்று பொருள். 'காலி' நம் சொல்லாகவே ஆகிவிட்டது. விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தில் 'காலிப் பெட்டி' என்பதைக் கேளாதார் இலர். ஆனால் 'ஆள் காலி' என்றால் நம்மவர்க்கு இறப்பு. பாட்டியின் ஏக்கம் தமிழில் அமங்கலமாய் ஒலிக்கும். கடித முடிவிலுள்ள 'கொர்பானத்' என்னும் தொடரும் இத்தகையதே. 'உனக்குப் பலியாவேன்' என்னும் அன்புமொழி அது. ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானியும் அதே சொல்தான். நம் வாசகர்க்கு ஆட்டுக்கிடாய் நினைவுக்கு வரும் என்பதால் கருத்தையே பெயர்த்தோம்.

எனவே ஓர் எளிய சோதனை அமையும். சொல்லை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கியும் வாக்கியம் நிற்குமாயின் அது விளி. முதலில் ஒருமுறை விளக்கிப் பின் மூலத்தவாறே வைக்கலாம். நீக்கினால் வாக்கியம் சிதையுமாயின் அது செய்தி. தமிழாக்கியே தீர வேண்டும். ஒரு கடிதத்தில் இரண்டு மூன்று விளிகளே நிற்க வேண்டும். மிகுந்தால் பேரனும் வாசகரும் அகராதியைத் தேடுவர், பாட்டியின் குரல் கேளாது.