மூல ஓலையைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

ஆடிச் சுவாதிக்குத் திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் கதை சொல்லப் போகிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். நீ அனுப்பிய கதைக் குறிப்பை முழுக்கப் படித்தேன். தடுத்தாட்கொண்ட கட்டம் நன்றாக வந்திருக்கிறது. அதற்கு அடுத்த பத்தியில்தான் நின்றுவிட்டேன். சுந்தரர் ஒரு வேளை மட்டும் உப்பில்லாமல் உண்டார், திங்கள்தோறும் பட்டினி விரதம் இருந்தார், தினமும் 1008 முறை அஞ்செழுத்து ஓதினார் என்று எழுதியிருக்கிறாய். மேடைகளில் இப்படிச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். இவற்றுக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை நீ கதை சொல்லப் போகும் ஊரே கற்றுத் தந்திருக்கிறது. சுந்தரர் தன் அடிமை என்று முதியவர் வழக்காடியபோது, வெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று வழிகளில் ஒன்றால் மெய்ப்பிக்கச் சொன்னார்கள் என்கிறார் சேக்கிழார். சுந்தரர் கிழித்தது படி ஓலை. சபையில் மூல ஓலை வந்தது. அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறு ஓலையோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வழக்காட வந்தவர் சிவபெருமானே ஆனாலும் சபை ஆதாரம் கேட்டது. நம் குறிப்பையும் அப்படிக் கேட்பதில் பக்திக் குறைவு ஒன்றுமில்லை.

நமக்கு மூல ஓலை சுந்தரரின் சொந்தப் பதிகங்கள். ஏழாம் திருமுறையில் 100 பதிகங்கள் இருக்கின்றன. சேக்கிழாரின் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். இரண்டுக்கும் நடுவே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. தலபுராணமும் வாய்வழிக் கதையும் பெரும்பாலும் அதற்கும் பின்னால் வருபவை. எந்தச் செய்தி எந்தப் படியில் முதலில் தோன்றுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஓலை வழக்கையே எடுத்துப் பார். சபை முன் வன்மை பேசி வன்தொண்டன் ஆனதைச் சுந்தரரே திருநாவலூர்ப் பதிகத்தில் சொல்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுவரில், முதியவர் சபையில் ஓலை காட்டும் காட்சி சோழர் கால ஓவியமாக இருக்கிறது. சேக்கிழாருக்கு நூறாண்டுக்கும் முந்தையது அது. ஆகவே அந்தக் கதையை நீ தயங்காமல் சொல்லலாம்.

இனி உணவுக்கு வருவோம். நாகைக்காரோணப் பதிகத்தைத் திறந்து பார். பொன்னும் பட்டும் கத்தூரியும் சாந்தும் குதிரையும் கேட்கிற சுந்தரர், அதே பதிகத்தில் கறியோடு கலந்த நெய்ச்சோறு மூன்று பொழுதும் வேண்டும் என்று இறைவனிடம் கேட்கிறார். ஒரு வேளை, உப்பில்லாமல் என்ற உன் வரிக்கு நேர் எதிரான சொல், அவர் வாயிலிருந்தே வந்தது. ஆனால் இதையும் அளவோடு பிடி. அவர் தினமும் மூன்று வேளை நெய்ச்சோறு உண்டார் என்பதற்கு இது சான்றாகாது. இது தோழனிடம் உரிமையோடு கேட்கும் பாட்டு. கறி என்றால் பழந்தமிழில் மிளகும் ஆகும், தொடுகறியும் ஆகும். அதை வைத்து மரக்கறியா புலாலா என்று தீர்ப்பு எழுதாதே. பாட்டு உறுதியாகத் தருவது ஒன்றுதான்: சோற்றை விலக்கிய துறவியாக அவர் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கச்சூர். அங்கே நண்பகலில் சுந்தரர் பசித்திருந்தார், அமுது சமைக்கும் பரிசனம் இன்னும் வந்து சேரவில்லை, இறைவன் வேதியராக வந்து வீடு வீடாக இரந்து சோறு கொண்டுவந்து தந்தார் என்கிறார் சேக்கிழார். பதிகத்தைப் பார்த்தால், உச்சிப் பொழுதில் இறைவன் பலிக்காக ஊரூராய்த் திரிவதைக் கண்டால் அடியார் உருகமாட்டாரா என்ற உருக்கம் இருக்கிறது. தமக்குச் சோறு வந்தது என்று அதில் வெளிப்படையாக இல்லை. உச்சிப் பொழுதும் இரத்தலும் பதிகத்தில்; பசியும் பரிசனமும் புராணத்தில். அங்குள்ள கோயிலில் சுவாமிக்கு விருந்திட்ட ஈசர் என்றும் பெயர். அந்தக் கதையை ஊர் எவ்வளவு ஆழமாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி. சுந்தரர் காலத்து நிகழ்ச்சிக்கு அது தனிச் சாட்சி ஆகாது. இன்னொன்றையும் கவனி. சேக்கிழார் காட்டும் சுந்தரர் சமையல் ஆட்களோடு பயணம் செய்பவர், பசித்தால் வருந்துபவர். அவரும் உன் விரதச் செய்திக்கு உதவி செய்யவில்லை.

‘எழுதாமல் விட்டிருக்கலாமே’ என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. மௌனம் மட்டும் சான்றாகாது. ஆனால் சேக்கிழார் பட்டினியைச் சொல்லத் தெரியாதவரல்ல. பழையாறை வடதளியில் மறைக்கப்பட்டிருந்த சிவனைக் காணாமல் போகமாட்டேன் என்று அப்பர் அமுது கொள்ளாமல் இருந்ததை அவர் தெளிவாகப் பாடுகிறார். அப்பருக்குச் சொன்னவர் சுந்தரருக்குச் சொல்லவில்லை என்றால் அந்த மௌனத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. ஓர் அடியாரின் நோன்பு வாய்வழியில் இன்னோர் அடியாருக்கு இடம் மாறுவதும் உண்டு. ஆதாரமில்லாத விரதச் செய்தி கிடைத்தால், முதலில் மற்ற அடியார்களின் வரலாற்றில் அதைத் தேடு.

அஞ்செழுத்துச் செய்தி இவற்றிலிருந்து வேறு. திருப்பாண்டிக்கொடுமுடிப் பதிகத்தில், தாம் மறந்தாலும் தம் நா நமச்சிவாய என்று சொல்லும் என்கிறார் சுந்தரர். ஓதினார் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. 1008 என்ற கணக்குதான் அங்கே இல்லை. எண்ணை எடுத்துவிட்டு அந்தப் பதிகத்தையே பாடு. எண்ணை வைத்தால், எண்ணாமலே நா சொல்லும் என்ற அவர் பெருமையைக் குறைத்துவிடுவாய்.

மேடையில் இதையெல்லாம் ஆராய்ச்சி உரையாக விரிக்க வேண்டாம். மூன்று வினைச்சொற்களைப் பழக்கப்படுத்திக்கொள். பதிகத்தில் இருப்பதை ‘சுந்தரர் பாடுகிறார்’ என்று சொல். புராணத்தில் மட்டும் இருப்பதை ‘சேக்கிழார் காட்டுகிறார்’ என்று சொல். மற்றதை ‘இந்த ஊரில் சொல்வார்கள்’ என்று சொல். கேட்பவருக்குக் கதை அறுபடாது. எது யார் சொல் என்பதும் போய்ச் சேரும். யாரும் சொல்லாததை, அது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், விட்டுவிடு.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கதையில் இடம் காலியாகும் என்று பயப்படாதே. அங்கே நாகைப் பதிகத்தைப் பாடி, தொடர்ந்து கச்சூரைச் சொல். இரண்டும் கொல்லிக்கௌவாணப் பண். சுருதி மாற்றாமலே போகலாம். ஒன்றில் அடியவர் சோறு கேட்கிறார்; மற்றொன்றில் ஆண்டவன் சோற்றுக்கு அலைகிறான். வழக்கில் அடிமையாகத் தோற்றவருக்கு அந்தத் தோழமை கிடைத்தது என்பதுதான் வெண்ணெய்நல்லூர்க் கதையின் முடிவு. சுந்தரரைப் பட்டினி போட்டால் அந்தத் தோழமையைச் சொல்ல உனக்கு வழியிருக்காது.

திருத்திய குறிப்பை ஆடி பிறப்பதற்குள் அனுப்பு. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் பதிகமா, புராணமா, ஊர்ச் சொல்லா என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்