மெழுகும் செம்பஞ்சும்

கேள்வி: உதட்டுச் சாயம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: திருகினால் மேலே எழும்பும் குழல் வெளியிலிருந்து வந்தது. 1923-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் புரூஸ் மேசன் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உதட்டுக்கு நிறமூட்டும் வழக்கம் இங்கே மிகப் பழையது. காமசூத்திரம் நகரத்து ஆண்மகன் ஒருவனின் காலை ஒப்பனையைச் சொல்லும்போது, தேன்மெழுகையும் அலக்தகத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அலக்தகம் என்பது அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். அதில் தோய்த்த பஞ்சைத்தான் நாம் செம்பஞ்சு என்கிறோம். நிறத்துக்குச் சாயம், ஈரம் காக்க மெழுகு என்று அன்றே இரண்டும் இணையாக இருந்தன.

இன்றைய குழலில் உங்கள் மாவட்டத்துப் பொருள் ஒன்றும் உண்டு. மானாவாரிக் காட்டில் கடலைக்கு ஊடே நிற்கிற ஆமணக்கின் எண்ணெய்தான் அது. கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை அகப்பையால் வழித்தெடுப்பார்களே, அதே எண்ணெய். அது பிசுபிசுப்பாக ஒட்டும், பளபளக்கும், நிறத்தூளை அடியில் படியவிடாமல் தாங்கும். அதனால்தான் லிப்ஸ்டிக் செய்பவர்கள் நெடுங்காலமாக அதையே நாடுகிறார்கள்.

கேள்வி: மார்கழிப் பனியில் வெடித்த உதடு தை பிறந்தும் ஆறவில்லை, கருத்தும்விட்டது. காய்ந்தால் நாக்கால் நனைத்துக்கொள்கிறேன். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கிறேன். பழைய நிறம் திரும்புமா? (வாசகி, அரூர்)

பதில்: பெரும்பாலும் திரும்பும். ஆனால் நீங்கள் செய்கிற அந்த இரண்டுமே புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கின்றன. உதட்டின் தோல் மிக மெல்லியது. அங்கே வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ப் பசையும் சொற்பம். நாக்கால் நனைத்த எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சர்க்கரை தோலைக் கீறும், எலுமிச்சையின் புளிப்பு அந்தக் கீறலை எரிக்கும். இப்படி எரிந்து எரிந்து ஆறும் இடத்தில் நம் தோல் கருநிறத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. உங்கள் கருமைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். நிறமோ மணமோ சேர்க்காத வெள்ளை வாசலின் ஒரு சிறு டப்பா போதும். சாப்பிட்டபின் வாயைக் கழுவி, ஈரம் முழுதும் காயுமுன் பூசுங்கள். படுக்கும்போது சற்றுக் கனமாகப் பூசுங்கள். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம், அது தானே விழட்டும். வெடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கருமை மெல்லக் கலைய மாதங்கள் ஆகும். வெயிலில் வேலை என்றால் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பிறவியிலேயே மாநிறமாக இருக்கும் உதடு நோயல்ல, அதை வெளுக்க வைக்கவும் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் கருத்தாலோ, வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். பீடியோ பாக்கோ பழக்கம் உள்ளவர்கள் அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பீட்ரூட் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் கலந்தால் சேரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது? (வாசகி, பென்னாகரம்)

பதில்: பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் சிறு சிறு முத்தாகப் பிரிந்து நிற்கும். பழைய முறையையே கைக்கொள்ளுங்கள். சாற்றைப் பஞ்சில் தொட்டு உதட்டில் ஒற்றி, உலரவிட்டு, அதன்மேல் மெழுகுத் தைலம் பூசுங்கள்.

எண்ணெயிலேயே நிறம் இறங்க வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை கேளுங்கள். 20 கிராம் தேங்காய் எண்ணெயில் விரல் நீளத் துண்டு ஒன்றைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கினால் எண்ணெய் சிவந்துவிடும். வடிகட்டி, 5 கிராம் தேன்மெழுகை அதில் உருக்கிச் சேர்த்து ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் இளகி ஓடினால் அடுத்த முறை மெழுகை ஒரு கிராம் கூட்டுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. விளக்கெண்ணெய்கூடச் சிலருக்கு ஒவ்வாது, அதனால் கடையில் வாங்கும் சாயத்தையும் இப்படியே சோதியுங்கள்.

அரூர் வாசகிக்கு இன்னொன்று: கருத்த உதட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது வெளிர் ரோஸ் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வெள்ளைத் தூள் சாம்பல் பூத்த மாதிரிக் காட்டும். செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், அரக்குச் சிவப்பு ஆகியவை உங்கள் உதட்டின் சொந்த நிறத்தோடு சேர்ந்து எடுப்பாக இருக்கும். பூசியதும் காய்ந்து இறுகும் மேட் வகையை, வெடிப்பு முழுவதும் ஆறிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை மெழுகும் எண்ணெயும் கூடிய மெல்லிய சாயமே போதும்.