பல்பு எரிந்தால் எஞ்சின் ஏன் முனகுகிறது?

மாணவர்களே, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். லாபு, லிங்கி, பகாவ், ரொம்பின் பக்கமுள்ள தோட்டங்களுக்குத் தேசிய மின்கம்பிகள் வந்து சேர்வதற்கு முன் லயத்து வீடுகளில் விளக்கு எப்படி எரிந்தது? பல தோட்டங்களில் ஒரு கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதை ஓடவிடுவார்கள். இரவில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் கிடைக்கும்.

அந்த எஞ்சினின் சத்தத்தில் ஒரு பௌதிகப் பாடம் இருந்தது. ஓடவிட்ட புதிதில் எஞ்சின் இலேசாக ஓடும். வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற ஏற அதன் குரல் கனத்துவிடும், புகையும் கூடும். சுமை மிகுந்துவிட்டால் பல்புகள் மங்கும். விளக்குகளை அணைத்ததும் எஞ்சின் மீண்டும் இலேசாகிவிடும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. லயத்து வீட்டு பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெல்ட் இல்லை, பல்சக்கரம் இல்லை. கம்பி மட்டுமே இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே பல்பு எரிவது இங்கே சுழலும் தண்டுக்கு எப்படித் தெரிகிறது? அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பது எது?

விடை, நீங்கள் ஐந்தாம் படிவத்தில் ‘ஹுக்கும் லென்ஸ்’ என்று படிக்கும் லென்ஸ் விதியில் இருக்கிறது. தூண்டு மின்னோட்டம், அதாவது ‘அருஸ் அருஹான்’, தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்கிறது அந்த விதி. பலர் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் எதிர்த்தே ஆக வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

மூன்று வழிகள், இரண்டு அடைபடுகின்றன

கம்பிச் சுருள் ஒன்றின் இரு முனைகளையும் இணைத்து மூடிய சுற்றாக்குங்கள். ஒரு சட்டக் காந்தத்தின் வடமுனையைச் சுருளை நோக்கித் தள்ளுங்கள். சுருளுக்குள் காந்தப் பாயம் கூடுகிறது, மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் பாயும் சுருள் ஒரு மின்காந்தம். ஆகவே காந்தத்தைப் பார்த்திருக்கும் அதன் முகம் வடமுனையாகவோ தென்முனையாகவோ ஆக வேண்டும். எது?

தென்முனை ஆகிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். தென்முனை வடமுனையை ஈர்க்கும். நீங்கள் இலேசாகத் தட்டிவிட்டால் போதும், காந்தம் தானாகவே சுருளை நோக்கி விரையும். வேகம் கூடினால் பாயம் இன்னும் விரைவாக மாறும், மின்னோட்டமும் கூடும், ஈர்ப்பும் கூடும். காந்தத்தின் இயக்கச் சக்தி பெருகிக்கொண்டே போகும். அதே நேரத்தில் மின்னோட்டம் பாய்வதால் சுருளின் கம்பி சூடேறும். ஆக, இயக்கச் சக்தியும் கூடுகிறது, வெப்பச் சக்தியும் கூடுகிறது. இவற்றைக் கொடுத்தது யார்? ஒருவரும் இல்லை. சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற விதி இங்கே உடைகிறது. எனவே இந்த வழி அடைபட்டது.

சுருள் காந்தத்தை ஈர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை என்று இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். பாடநூல்கள் இந்த வழியைப் பெரும்பாலும் பேசுவதில்லை. காந்தம் சீரான வேகத்தில் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போகிறது. உங்கள் கை எதிர்விசை எதையும் சந்திக்கவில்லை. அதனால் வேலை எதுவும் செய்யவில்லை. ஆனால் கம்பி மட்டும் சூடாகிறது. அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? இதற்கும் விடை இல்லை. இந்த வழியும் அடைபட்டது.

மிச்சமிருப்பது ஒரே வழி. சுருளின் முகம் வடமுனையாகிக் காந்தத்தை விலக்க வேண்டும். அப்போது காந்தத்தை உள்ளே செலுத்த, அந்த விலக்கு விசையை மீறி நீங்கள் தள்ள வேண்டும். விசை இருக்கிறது, விசையின் திசையில் நகர்ச்சியும் இருக்கிறது. ஆகவே நீங்கள் வேலை செய்கிறீர்கள். அந்த வேலைதான் மின் சக்தியாகிக் கடைசியில் கம்பியின் வெப்பமாகிறது. கணக்கு நேராகிவிட்டது.

எதிர்ப்பது மாற்றத்தை

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சுருள் எப்போதும் காந்தத்தை விலக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

உள்ளே இருக்கும் வடமுனையை இப்போது வெளியே இழுங்கள். சுருளின் முகம் மீண்டும் வடமுனையாகவே இருந்தால், அது காந்தத்தை வெளியே தள்ளிவிடும். காந்தம் இலவசமாக வேகம் பெறும். பழைய சிக்கல் திரும்பிவிடும். ஆகவே இப்போது அந்த முகம் தென்முனையாகி, விலகும் காந்தத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். பாயம் கூடும்போது சுருள் கூடவிடாமல் பார்க்கிறது. குறையும்போது குறையவிடாமல் பார்க்கிறது. அது எதிர்ப்பது மாற்றத்தையே, காந்தப் புலத்தை அல்ல.

காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் வைத்தால் மாற்றம் இல்லை, மின்னோட்டம் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

தோட்டத்து ஜெனரேட்டரில் கணக்கு

இப்போது எஞ்சின் கொட்டகைக்குத் திரும்புவோம். கணக்குக்காக ஒரு தோட்டத்தில் 50 வீடுகள், வீட்டுக்கு 40 வாட் விளக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4000 வாட், அதாவது ஒவ்வொரு விநாடியும் 4000 ஜூல். ஜெனரேட்டர் தண்டு நிமிடத்திற்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று சுழல்கிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 4000 ÷ 25 = 160 ஜூல் மின் சக்தி வெளியேறுகிறது.

அந்த 160 ஜூலைத் தண்டைச் சுழற்றும் எஞ்சின்தான் கொடுக்க வேண்டும். தண்டின் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி எஞ்சின் தள்ளுவதாகக் கொண்டால், ஒரு சுற்றில் அந்தப் புள்ளி கடக்கும் தூரம் சுமார் 1.26 மீட்டர். வேலை என்பது விசை பெருக்கல் தூரம். எனவே விசை 160 ÷ 1.26, ஏறத்தாழ 127 நியூட்டன். சுமார் 13 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசை தண்டை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை முனக வைத்தது இந்த விசைதான்.

இதை உண்டாக்குவது ஜெனரேட்டர் சுருள்களில் பாயும் அதே மின்னோட்டம். விளக்கு கூடினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் எதிர்விசை கூடும். தண்டு சற்றே வேகம் குறையும். வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து கூடுதல் டீசலை விடும். எஞ்சினால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் வேகம் விழும், மின்னழுத்தம் குறையும், பல்பு மங்கும்.

எல்லா வீடுகளும் சுவிட்சை அணைத்துவிட்டால்? சுருளில் மின்னியக்கு விசை அப்போதும் தூண்டப்படுகிறது. ஆனால் சுற்று திறந்திருப்பதால் வீடுகளுக்கு மின்னோட்டம் பாய்வதில்லை. மின்னோட்டம் இல்லையேல் எதிர்விசை இல்லை. உராய்வு போன்ற சிறு இழப்புகளைச் சமாளித்தால் எஞ்சினுக்குப் போதும்.

டீசல் கணக்கையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 36 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதில் கால் பங்கு, 9 மெகாஜூல், மின் சக்தியாகிறது என்று கொள்வோம். 4000 வாட்டை 4 மணி நேரம் கொடுக்க 57.6 மெகாஜூல் வேண்டும். அதற்கு 6.4 லிட்டர் டீசல் செலவாகும். தூண்டு மின்னோட்டம் மாற்றத்தை எதிர்க்காமல் அதற்குத் துணைபோயிருந்தால், எஞ்சினை ஒருமுறை சுழற்றிவிட்டு டீசலை அடைத்துவிடலாம். விளக்கு விடிய விடிய எரியும். எந்தத் தோட்டத்திலும் அப்படி நடக்கவில்லை.

இன்று செம்பனை ஆலைகளில் நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். போர்ட்டிக்சனில் உள்ள துவாங்கு ஜாபார் மின் நிலையத்தில் எரிவாயு டர்பைன்கள் சுழல்கின்றன. அளவு பெரியது, விதி ஒன்றே. பயனீடு கூடும்போது தண்டு கனக்கிறது, கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு மீட்டர் நீளச் செம்புக் குழாயும், அதற்குள் தாராளமாக நழுவும் நியோடிமியம் காந்தமும் தேவை. காந்தம் செம்பில் ஒட்டாது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து முதலில் ஒரு சிறு சுண்ணாம்புக் கட்டித் துண்டைப் போடுங்கள்; அரை விநாடிக்குள் கீழே வந்துவிடும். பிறகு காந்தத்தைப் போடுங்கள். அது பல விநாடிகள் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும்.

10 கிராம் காந்தம் இறங்க 5 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். அது இழந்த நிலைச் சக்தி 0.01 × 9.81 × 1 = 0.098 ஜூல். வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர், இயக்கச் சக்தி 0.0002 ஜூல் மட்டுமே. மிச்சம் முழுவதும் குழாயின் சுவரில் சுழன்ற மின்னோட்டத்தால் வெப்பமாகிவிட்டது. ஆனால் குழாயைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது. 200 கிராம் செம்பின் வெப்பநிலையை அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பாகை செல்சியஸ்தான் உயர்த்தும்.

காந்தம் ஏன் நடுவழியில் அப்படியே நின்றுவிடவில்லை? நின்றால் மாற்றம் நின்றுவிடும். மின்னோட்டமும் எதிர்விசையும் மறைந்துவிடும். ஈர்ப்பு விசை மீண்டும் இழுக்கும். எதிர்விசை எடைக்குச் சமமாகும் வேகத்தில் அது சீராக இறங்குகிறது.

விதி முந்தியது, விளக்கம் பிந்தியது

மைக்கல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831இல். ஹைன்ரிஹ் லென்ஸ் தம் விதியை வெளியிட்டது 1834இல். சக்தி அழியா விதி அப்போது இன்னும் நிலைபெறவில்லை. மின்னோட்டத்தின் திசை பற்றிய சோதனைகளை ஒப்பிட்டே லென்ஸ் அந்த முடிவுக்கு வந்தார். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சக்தி அழியா விதியை விளக்கி எழுதியபோது தூண்டலையும் அதன்வழி ஆராய்ந்தார்.

சக்தி வாதம் திசையைச் சொல்லும்; எவ்வளவு மின்னியக்கு விசை உண்டாகும் என்பதற்கு ஃபாரடேயின் விதி வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. செம்புக் குழாயின் நீளம் முழுவதும் ஒரு கீறல் வெட்டப்பட்டால் காந்தம் விரைவாக விழுமா, மெதுவாக விழுமா? மின்னோட்டத்தின் பாதையை நினைத்துப் பாருங்கள்.

2. சைக்கிள் டைனமோ 3 வாட் விளக்கை எரிக்கிறது. சைக்கிளின் வேகம் விநாடிக்கு 4 மீட்டர். இழப்பு எதுவும் இல்லையென்றால் டைனமோ தரும் எதிர்விசை எவ்வளவு? (விடை: 0.75 நியூட்டன்)