இருபத்தைந்து பட்டாசும் ஒரு வளைவரையும்

தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசிப் பக்கத்துப் பள்ளிகளில் எந்தக் கணக்கும் கடைசியில் பட்டாசில்தான் வந்து நிற்கும். பதினொன்றாம் வகுப்பில் வரிசை மாற்றங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், கிஃப்ட் பாக்ஸில் 25 வகை போடுகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வரிசையை எத்தனை விதமாக மாற்றலாம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 25! என்று வகுப்பே சொல்லிவிட்டது. "அது எத்தனை இலக்க எண் சார்?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. கால்குலேட்டர் நொடியில் சொல்லிவிடும். பெருக்கிப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பின் வரையறுத்த தொகையை நடத்தும்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிறது.

ln 25! = ln 2 + ln 3 + … + ln 25

வரைபடத் தாளில் y = ln x வளைவரையை x = 1 முதல் 25 வரை வரையச் சொல்லுங்கள். 1 முதல் 2 வரை ln 2 உயரத்தில் ஒரு செவ்வகம், 2 முதல் 3 வரை ln 3 உயரத்தில் அடுத்தது என்று 24 செவ்வகங்கள். அகலம் எல்லாவற்றுக்கும் 1. எனவே அவற்றின் மொத்தப் பரப்பே ln 25!. வளைவரை ஏறிக்கொண்டே போவதால் செவ்வகங்கள் அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வளைவரையின் கீழுள்ள பரப்பு ln 25!-ஐ விடச் சிறியது. பகுதித் தொகையிடல் முறையில் அந்தப் பரப்பு n ln n − n + 1. n = 25 எனில் 56.47.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை எல்லாம் இடப்பக்கமாகத் தள்ளி ஒரே நிரலில் அடுக்கினால், அவை ln 25 உயரமுள்ள ஒரு செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே மேல் எல்லை 56.47 + 3.22 = 59.69.

இலக்கம் எண்ண 10 அடிமான மடக்கை வேண்டும். 2.3026 ஆல் வகுத்தால், விடை 24.53-க்கும் 25.92-க்கும் இடையில் இருக்கிறது. 25 இலக்கமா, 26 இலக்கமா? முடிவாகவில்லை.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மடக்கை அட்டவணையைப் புரட்டி log 25 = 1.3979 எடுத்து, 25 log 25 − 24 என்று போட்டுவிடுவார்கள். 10.95 வரும், அதாவது 11 இலக்கம். 15! எடுத்துக்கொண்டாலே அது 13 இலக்க எண் என்று காட்டினால் தவறு தானாகத் தெரிந்துவிடும். x ln x − x என்ற விடை e அடிமானத்துக்கு மட்டுமே பொருந்தும். 10 அடிமானம் என்றால் அந்த 24-ஐ 0.4343 ஆல் பெருக்கிய பிறகே கழிக்க வேண்டும்.

எல்லைகளை நெருக்குவோம். செவ்வகத்துக்குப் பதில், வளைவரை மேலுள்ள (1, 0), (2, ln 2), (3, ln 3) … புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துச் சரிவகங்கள் ஆக்குங்கள். அவற்றின் மொத்தப் பரப்பில் கடைசி ln 25 மட்டும் பாதியாக வரும். அதாவது ln 25! − ½ ln 25. வளைவரை மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் நாண்கள் எல்லாம் அதற்குக் கீழே கிடக்கின்றன. எனவே ln 25! < 56.47 + 1.61 = 58.08.

கீழ் எல்லைக்குத் தொடுகோடு உதவும். (k, ln k) புள்ளியில் தொடுகோடு வரைந்து, k − ½ முதல் k + ½ வரை அதன் கீழுள்ள சரிவகத்தை எடுங்கள். அதன் நடு உயரம் ln k, அகலம் 1. பரப்பு சரியாக ln k. தொடுகோடு வளைவரைக்கு மேலே இருப்பதால், 1.5 முதல் 25.5 வரை வளைவரையின் கீழுள்ள பரப்பு ln 25!-ஐ விடக் குறைவு. கணக்கிட்டால் 57.98.

இப்போது 10 அடிமானத்தில் 25.18-க்கும் 25.22-க்கும் இடையில் நிற்கிறோம். 26 இலக்கம், சந்தேகமில்லை. முதல் இலக்கங்கள்கூட ஓரளவு தெரிகின்றன: 1.51 × 10²⁵-க்கும் 1.68 × 10²⁵-க்கும் நடுவில். உண்மை மதிப்பு ஏறத்தாழ 1.551 × 10²⁵. நொடிக்கு ஒரு பெட்டி அடுக்கினாலும் எல்லா வரிசைகளையும் முடிக்க 4 ஆயிரம் கோடி கோடி ஆண்டுகள்கூடப் போதாது என்றதும் வகுப்பு சிரித்துவிட்டது.

மேல் எல்லையை மடக்கையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் n! < e √n (n/e)ⁿ. இதில் e இருக்கும் இடத்தில் √(2π), அதாவது 2.507 வைத்தால் அதுதான் ஸ்டிர்லிங்கின் வாய்பாடு. ஜேம்ஸ் ஸ்டிர்லிங்கின் நூல் 1730-இல் வெளிவந்தது. நம் சரிவகங்கள் தந்த 2.718 அதற்கு மிக அருகில் வந்துவிட்டது. அந்த √(2π) எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் இந்தப் படத்திலிருந்து பெற முடியாது.

n!-இன் வளர்ச்சியைக் காட்ட 10ⁿ உடன் ஓடவிடுவது எனக்குப் பிடித்த வழி. 10ⁿ ஒவ்வொரு படியிலும் 10 மடங்காகிறது, n! அந்தப் படியின் எண் எதுவோ அத்தனை மடங்காகிறது. அதனால் 9 வரை n! பின்தங்கிக்கொண்டே போகும். 10!-இன் மதிப்பு 36,28,800. எதிரில் ஆயிரம் கோடி நிற்கிறது. 11-இலிருந்துதான் இடைவெளி குறையத் தொடங்கும். (n/e)ⁿ மட்டும் என்றால் n = 10e, அதாவது 27-ஐத் தாண்டியபின்தான் முந்தும். முன்னால் இருக்கும் √n அதைக் கொஞ்சம் முன்னதாகவே இழுத்து வருகிறது. நம் எல்லைகளை 25 ஆல் வகுத்தால் 24! என்பது 6.04 × 10²³-க்கும் 6.72 × 10²³-க்கும் இடைப்பட்டது, 10²⁴-ஐ விடக் குறைவு. 25!-ஓ 10²⁵-ஐத் தாண்டிவிட்டது. அந்த மாணவி கேட்ட பெட்டியில்தான் n! முதன்முறையாக 10ⁿ-ஐ முந்துகிறது.