விடையில் விடுபட்ட வரிசை

நுழையும்முன்

தரவுத்தளம் கேட்ட கேள்விக்குப் பிழையின்றி விடை தரும். ஆயினும் அவ்விடையைப் படிப்பவர் பிழையான முடிவுக்கு வருவதுண்டு. அட்டவணையில் தோன்றும் வரிசைகளைப் படிப்பது எளிது. தோன்றாத வரிசையைக் கண்டறிவதற்குக் கேள்வியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு சிறிய திரைப்பிடிப்பைக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

திரைப்பிடிப்பில் இருப்பவை

பள்ளியொன்றில் திருப்புதல் தேர்வு முடிந்திருந்தது. 35 மதிப்பெண்ணை எட்டாத மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்த விரும்பிய ஆசிரியர், ஆறு பேர் கொண்ட ஒரு குழுவின் பட்டியலை எடுத்துவருமாறு தரவுத்தளம் பயிலும் மாணவி ஒருத்தியிடம் கூறினார். அவள் மைஎஸ்கியூஎல் என்னும் மென்பொருளில் வினவலை இயக்கி, திரையில் தோன்றியதை அப்படியே படமாக எடுத்து வந்தாள்.

```
mysql> SELECT roll_no, mark
    -> FROM marks
    -> WHERE mark < 35;
+---------+------+
| roll_no | mark |
+---------+------+
|       2 |   28 |
|       5 |    0 |
+---------+------+
2 rows in set (0.00 sec)
```

“இரண்டு பேர் மட்டுமே, ஐயா” என்றாள் மாணவி.

“படத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துக் காட்டு, அம்மா” என்றார் ஆசிரியர்.

இப்படத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. முதற்பகுதி கேள்வி. `mysql>` என்பது கட்டளைக்காக மென்பொருள் காத்திருப்பதைக் காட்டும் குறி. `->` என்பது கட்டளை இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும் குறி. இவ்விரண்டும் வினவலின் பகுதிகள் அல்ல. அரைப்புள்ளி இட்ட பின்னரே வினவல் முடிவடைகிறது.

வினவல் `SELECT` என்று தொடங்கினாலும், அதன் பொருளை `FROM` என்பதிலிருந்து புரிந்துகொள்வது எளிது. `marks` என்னும் அட்டவணையை எடுத்துக்கொள். அதன் ஒவ்வொரு வரிசையையும் `mark < 35` என்னும் நிபந்தனையால் சோதி. தேறிய வரிசைகளிலிருந்து `roll_no`, `mark` என்னும் இரு நெடுவரிசைகளை மட்டும் காட்டு என்பதே அதன் பொருள்.

இரண்டாம் பகுதி விடை அட்டவணை. இது `marks` அட்டவணை அன்று. கேள்விக்கு விடையாக அந்நேரத்தில் உருவான வேறோர் அட்டவணை. மூலத்தில் மாணவர் பெயரும் பிரிவும் இருக்கக்கூடும். கேட்கப்படாததால் அவை இங்கே இல்லை. மூன்றாம் பகுதி இறுதி அடி. விடையில் இரண்டு வரிசைகள் உள்ளன என்பதையும் அதற்கு ஆன நேரத்தையும் அது கூறுகிறது.

எண்ணிக்கை உடைத்த உண்மை

மாணவி படித்து முடித்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: “அப்படியானால் 35-ம் அதற்கு மேலும் பெற்றவர் எத்தனை பேர்?”

“நான்கு பேர், ஐயா. ஆறிலிருந்து இரண்டைக் கழித்தால் நான்குதானே!”

“கழிக்க வேண்டா, கேட்டுப் பார்.”

மாணவி நிபந்தனையை `mark >= 35` என மாற்றி வினவலை இயக்கினாள். 1, 4, 6 ஆகிய வரிசை எண்கள் மட்டுமே வந்தன. இறுதி அடியில் `3 rows in set` என்று இருந்தது. இரண்டும் மூன்றும் ஐந்து. குழுவிலோ ஆறு பேர். வரிசை எண் 3-க்குரிய மாணவர் இரண்டு விடைகளிலும் இல்லை.

நிபந்தனை ஏதுமின்றி முழு அட்டவணையையும் கேட்டபோது காரணம் தெரிந்தது. 1 முதல் 6 வரையிலான வரிசை எண்களுக்கு நேரே 72, 28, NULL, 55, 0, 85 என்னும் மதிப்புகள் முறையே இருந்தன. மூன்றாம் மாணவருக்கு நேரே மதிப்பெண் இல்லை. `NULL` என்னும் குறி மட்டுமே இருந்தது.

சுழியமும் வெறுமையும்

`NULL` என்பது சுழியம் அன்று. ‘இவ்விடத்தில் மதிப்பு இல்லை’ என்பதைத் தெரிவிக்கும் குறியாகும். ஐந்தாம் மாணவர் தேர்வு எழுதிச் சுழியம் பெற்றிருக்கிறார்; அது ஓர் எண். மூன்றாம் மாணவரின் மதிப்பெண் எதுவென்றே தரவுத்தளத்திற்குத் தெரியாது.

தெரியாத ஒன்று 35-ஐ விடச் சிறியதா என்று கேட்டால் ‘ஆம்’ என்றும் சொல்ல இயலாது. ‘இல்லை’ என்றும் சொல்ல இயலாது. எனவே தரவுத்தளம் ‘தெரியவில்லை’ என்னும் மூன்றாம் விடையைக் கொள்கிறது. `WHERE` என்பது ‘ஆம்’ என்னும் விடை பெற்ற வரிசைகளை மட்டுமே உள்ளே விடும். ஆதலால் மூன்றாம் மாணவர் முதல் வினவலிலும் இடம்பெறவில்லை. அதற்கு எதிரான வினவலிலும் இடம்பெறவில்லை.

மாணவி உடனே `WHERE mark = NULL` என்று எழுதிப் பார்த்தாள். `Empty set` என்று வந்தது. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடை ‘தெரியவில்லை’ என்பதே. வெறுமையைச் சோதிப்பதற்கு `IS NULL` என்னும் தனிச்சொல் உண்டு. அதனைச் சேர்த்ததும் வினவல் முழுமை பெற்றது.

```
SELECT roll_no, mark
FROM marks
WHERE mark < 35 OR mark IS NULL;
```

இம்முறை 2, 3, 5 என மூன்று வரிசைகள் வந்தன.

சராசரியில் மறையும் வேறுபாடு

இதே வெறுமை கூட்டுக் கணக்கிலும் தன் வேலையைக் காட்டும். இவ்வட்டவணையில் `COUNT(*)` என்று கேட்டால் 6 என வரும். அது வரிசைகளை எண்ணுகிறது. `COUNT(mark)` என்று கேட்டால் 5 என வரும். அது மதிப்பு உள்ள இடங்களை மட்டும் எண்ணுகிறது. `AVG(mark)` என்பதற்கு 48.0000 என்னும் விடை கிடைக்கும். மொத்த மதிப்பெண் 240. அதனை ஆறால் அல்லாமல் ஐந்தால் வகுத்ததனால் வந்த எண் அது.

“வெற்றிடத்தில் சுழியத்தை இட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே, ஐயா?” என்று கேட்டாள் மாணவி.

அவ்வாறு செய்தால் சராசரி 40 ஆகக் குறையும். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. எழுதிச் சுழியம் பெற்றவருக்கும் மதிப்பெண்ணே பதியப்படாதவருக்கும் உள்ள வேறுபாடு அட்டவணையிலிருந்து அழிந்துவிடும். பின்னர் எந்த வினவலாலும் அதை மீட்க இயலாது. ஆகவே, வெறுமையை வெறுமையாகவே வைத்துக்கொண்டு, சராசரியுடன் ‘ஐவரின் சராசரி’ என்று குறிப்பிடுவதே நேர்மையான முறையாகும்.

தரவுத்தளம் சொல்லாதது

மூன்றாம் மாணவருக்கு மதிப்பெண் ஏன் இல்லை? அவர் தேர்வுக்கு வராமல் இருந்திருக்கலாம். விடைத்தாள் இன்னும் திருத்தப்படாமல் இருக்கலாம். திருத்திய மதிப்பெண்ணை உள்ளிட யாரேனும் மறந்திருக்கலாம். மூன்று நிலைகளிலும் திரையில் தோன்றுவது அதே நான்கு எழுத்துகள்தாம்.

மாணவி வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். தேர்வு நாளன்று மூன்றாம் மாணவர் வரவில்லை. சிறப்பு வகுப்புப் பட்டியலில் அவருடைய வரிசை எண்ணை எழுதி, மதிப்பெண்ணுக்குரிய இடத்தில் ‘தேர்வு எழுதவில்லை’ என்று குறித்து ஆசிரியரிடம் நீட்டினாள்.

தெரிந்து தெளிவோம்

தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலை மாதிரியை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் தம் கட்டுரையில் முன்வைத்தார். அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் ‘சீக்வெல்’ என்னும் வினவல் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் சுருங்கியது.